மூன்றில் நடுவே நிற்கும் அளவு



தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தியில் வெப்பக்காற்றை அளக்க ஒரு வெப்பமானியே போதும் என்று விடப்படுவதற்குக் காரணம், அது பழுதானால் கெடுவது சிறிதளவு தூளே என்பதும், கருகல் வாடையை உலர்த்தியருகே நிற்பவரின் மூக்கு உடனே கண்டுகொள்ளும் என்பதுமே ஆகும். மலையிறங்கித் தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையத்துக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்குள்ள 210 மெகாவாட் அலகு ஒன்றின் கொதிகலன், முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 700 டன் நீராவியை, அதாவது வினாடிக்கு 190 கிலோவுக்கும் மேலாக, வெளியேற்றுகிறது. அதே வேகத்தில் ஊட்டுநீர் உள்ளே வராவிட்டால், நீரும் நீராவியும் பிரியும் உருளையான டிரம்மில் நீர்மட்டம் வெகுவிரைவில் இறங்கி, உலைச்சுவரின் குழாய்கள் நீரின்றிக் காயத் தொடங்கும். ஆகவே டிரம் மட்டத்தை அளக்க, இத்தகைய பெரிய கொதிகலன்களில் மூன்று டிரான்ஸ்மிட்டர்களைப் பொருத்துவது வழக்கம்.

மூன்றும் மூன்று எண்களைச் சொல்லும்போது ஊட்டுநீர் வால்வை இயக்கும் கன்ட்ரோலர் எதை நம்புவது? சராசரியை எடுக்கலாம் என்றே முதலில் தோன்றும். நடுக்கோட்டைச் சுழியமாகக் கொண்டு மேலும் கீழும் 300 மில்லிமீட்டர் வரை அளக்கும் மூன்று கருவிகள் முறையே +4, −2, +1 எனக் காட்டுவதாகக் கொள்வோம். மூன்றாவது பழுதாகி +300 என்ற உச்சியில் ஒட்டிக்கொண்டால் சராசரி ஏறத்தாழ +100 ஆகிவிடும். டிரம் நிரம்பி வழிகிறதென்று எண்ணிக் கன்ட்ரோலர் வால்வை மூடும். சராசரி மீண்டும் சுழியத்துக்கு வருவதற்குள், உண்மையான மட்டம் 150 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே போயிருக்கும்.

இடைநிலைத் தேர்வு என்பது மூன்று அளவுகளையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை மட்டும் கன்ட்ரோலருக்குக் கொடுப்பதாகும். சிறியதைத் தேர்வதும் பெரியதைத் தேர்வதுமான இரண்டே செயல்களால் அதை அமைத்துவிடலாம்:

```
median = max(min(A,B), min(B,C), min(A,C))
```

பழுதுக்கு முன் இதன் விடை +1. பழுதுக்குப் பின் +4. உச்சிக்குப் பாய்ந்த கருவியால் கன்ட்ரோலருக்குத் தெரியும் மாற்றம் மூன்று மில்லிமீட்டர் மட்டுமே. எது பழுதென்று யாரும் அறிவிக்கும் முன்பே இது நடந்துவிடுகிறது. பழுதான கருவி உச்சிக்கோ அடிக்கோ போகாமல் +1 இலேயே உறைந்துவிட்டாலும் பெரிய கேடில்லை. மட்டம் நகரும்போது மற்ற இரண்டும் சேர்ந்து ஒரே பக்கமாக நகர்வதால், உறைந்த எண் தானாகவே நடுவிடத்தை இழந்துவிடும்.

இத்தனை அமைதியாக வேலை நடப்பதில்தான் இம்முறையின் ஆபத்தும் இருக்கிறது. பழுது வெளியே தெரியாததால் அதைச் சரிசெய்யவும் எவரும் செல்வதில்லை. எனவே ஏதேனும் ஒரு கருவி நடுமதிப்பிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் சில வினாடிகள் விலகி நின்றால் ஒலிக்கும் விலகல் எச்சரிக்கை இல்லாத இடைநிலைத் தேர்வு, அரைகுறை வேலையே. இரண்டு கருவிகள் ஒரே காரணத்தால் ஒரே பக்கம் தவறினால் எச்சரிக்கையும் சரியான கருவியையே குற்றவாளியாக்கும். 2008 நவம்பர் 27 அன்று பிரான்சின் பெர்ப்பின்யான் அருகே கடலில் விழுந்த ஏ320 விமானத்தில் நேர்ந்தது இதுவே. சில நாட்களுக்கு முன் விமானத்தைக் கழுவியபோது உட்புகுந்த நீர் வானில் உறைந்து, காற்றோடு விமானம் செய்யும் கோணத்தை அளக்கும் மூன்று உணரிகளில் இரண்டை ஏறத்தாழ ஒரே கோணத்தில் பிடித்துவைத்தது. உண்மை சொன்ன மூன்றாவதைக் கணினிகள் ஒதுக்கின. டிரம்மில் மூன்று டிரான்ஸ்மிட்டர்களுக்கும் தனித்தனி இணைப்புக் குழாய்கள் வேண்டும் என்று வற்புறுத்தப்படுவதும் இதனாலேயே. ஒரே குழாயில் மாட்டப்பட்ட மூன்றும் கணக்குக்கு ஒன்றுதான்.

பழுதுபார்க்கப் போகும்போதும் இதே கண்ணி காத்திருக்கிறது. டிரம் மட்ட டிரான்ஸ்மிட்டர் அளப்பது இரண்டு நீர்த்தம்பங்களின் அழுத்த வேறுபாட்டை. ஒரு பக்கம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டிய ஒப்பீட்டுக் குழாய், மறுபக்கம் டிரம். வேறுபாடு குறையக் குறைய மட்டம் உயர்ந்ததாகக் கருவி காட்டும். ஆகவே ஒப்பீட்டுக் குழாயில் கசிவு ஏற்பட்டு நீர் வடிந்தால் கருவி +300 ஐ நோக்கி ஏறும். மேலே சொன்ன மூன்றாவது கருவிக்கு நேர்ந்தது இதுவென்று கொள்ளலாம். அதைச் சரிசெய்ய வரும் தொழில்நுட்பர் பெயர்ப்பட்டையைச் சரியாகப் பார்க்காமல், நல்ல நிலையிலுள்ள முதல் கருவியின் சமன்வால்வைத் திறந்துவிட்டால், அழுத்த வேறுபாடு சுழியமாகி அதுவும் +300 க்குப் போய்விடும். அப்போது வரிசை −2, +300, +300; நடுவில் நிற்பது +300. ஊட்டுநீர் வால்வு மூடத் தொடங்கும். மூன்றில் இரண்டு ஒத்தால் செயல்படும் பாதுகாப்புச் சுற்று அலகையே நிறுத்தவும் கூடும். அதனால், வால்வில் கை வைக்கும் முன்பே கட்டுப்பாட்டு அறையிலிருப்பவர் பழுதான கருவியைத் தேர்விலிருந்து திரையில் விலக்கிவிட்டு, எஞ்சிய இரண்டின் எண்களையும் களத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுப் படித்துச் சொல்வதும், களத்தில் நிற்பவர் தம்முன் உள்ள கருவியின் முகப்பு அவ்விரண்டில் எதையும் காட்டவில்லை, உச்சியில்தான் நிற்கிறது என்று மறுமொழி கூறிய பின்னரே வால்வைத் தொடுவதும் நடைமுறையாக இருக்க வேண்டும்.