“பாய்லரைப் பார்த்துக்கோ” என்று முதலாளி சொன்னால்

மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் டிரையர் ஆபரேட்டராக ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நியமனக் கடிதத்தில் ‘டிரையர் ஆபரேட்டர், மற்றும் நிர்வாகம் அவ்வப்போது சொல்லும் பிற பணிகள்’ என்று இருக்கிறது. (கடைசியில் இப்படி ஒரு வாலைச் சேர்க்காமல் எந்த முதலாளிக்கும் கடிதம் எழுத வராது போலிருக்கிறது.) ஒரே வாரத்தில் அவருக்கு மூன்று உத்தரவுகள் வருகின்றன.

திங்கட்கிழமை: “கணக்குப்பிள்ளை வரலை. லாரியில ஏறுற மூட்டையை எண்ணிக் குறிச்சுக்கோ.” புதன்கிழமை: “பாய்லர்காரர் லீவு. இன்னைக்கு ராத்திரி நீயே பாய்லரைப் பார்த்துக்கோ.” சனிக்கிழமை: “அடுத்த மாசத்துல இருந்து டிரையரோட ஊறல் தொட்டியும் உன் பொறுப்பு. சம்பளம் அதேதான்.”

மூன்றுக்கும் அவர் சொல்லும் பதில் ஒன்றே: “அது என் வேலை இல்லை முதலாளி.” ஆனால் சட்டம் இந்த மூன்று மறுப்புகளையும் ஒரே மாதிரி பார்க்காது.

மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவதுதான் கீழ்ப்படியாமை. 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் மாதிரி நிலையாணைகள் அப்படித்தான் வரையறுத்தன. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. அதன்படி 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் நிலையாணை கட்டாயம். நம்மூர்த் தனியார் ஆலைகள் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. ஆனாலும் வழக்கு என்று வந்தால் கேட்கப்படும் கேள்விகள் இவைதான். உத்தரவு சட்டப்படியானதா, நியாயமானதா, மறுத்தவர் தெரிந்தே மறுத்தாரா?

திங்கட்கிழமை உத்தரவை இந்தக் கேள்விகளில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் வேலை, ஆபத்தில்லை, இழிவில்லை, ஆலைத் தொழிலோடு ஒட்டியது. ‘பிற பணிகள்’ என்ற வால் இதற்குத்தான் இருக்கிறது. இதை மறுத்தால் அது கீழ்ப்படியாமைதான். மனக்குறை இருந்தால் எண்ணி முடித்துவிட்டு, மறுநாள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையைச் செய், பிறகு முறையிடு என்பது தொழிலுறவில் பொதுவிதி. 1974-இல் குஜராத் மின்வாரியப் பொறியாளர் ஒருவரைச் சூரத்திலிருந்து உகாய்க்கு மாற்றினார்கள். மாற்றத்தை எதிர்த்து மனு கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி அவர் புது இடத்தில் சேரவே இல்லை, வேலை போனது. உச்ச நீதிமன்றம் 1989-இல் வாரியத்தின் பக்கமே நின்றது. மனு நிலுவையில் இருப்பதே உத்தரவை நிறுத்திவைக்காது, தடை உத்தரவு கையில் இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்றது.

புதன்கிழமை உத்தரவுக்கு இந்த விதி பொருந்தாது. உமி எரித்து நீராவி எடுக்கும் பாய்லரை அதற்குரிய தகுதிச் சான்று பெற்றவர் பொறுப்பில்தான் ஓட்ட வேண்டும் என்று பாய்லர் சட்டம் சொல்கிறது. சான்று இல்லாதவரை ஓட்டச் சொல்வது சட்டப்படியான உத்தரவே ஆகாது. அதை மறுப்பது கீழ்ப்படியாமையும் ஆகாது. அன்றிரவு நீராவி அழுத்தம் ஏறி விபத்து நடந்தால் ‘முதலாளி சொன்னார்’ என்ற பதில் அவரைக் காப்பாற்றுமா என்பதும் சந்தேகம். நெல் கொள்முதல் நிலையத்தில் உதவியாளரிடம் “மூட்டைக்கு இவ்வளவு வாங்கிக்கொடு” என்று ஒருவர் சொன்னால் அதுவும் இந்த வகைதான்.

மறுக்கிற விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். “எனக்குப் பாய்லர் சர்டிபிகேட் இல்லை முதலாளி. டிரையரை விடிய விடியப் பார்த்துக்கிறேன், பாய்லருக்கு வேற ஆள் போடுங்க” என்று சொல்லிவிட்டு, அதையே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அனுப்பிவிடலாம். இப்படிச் சொல்பவர் அந்த ஒரு வேலையை மட்டும் மறுக்கிறார். முதலாளியின் அதிகாரத்தை மறுக்கவில்லை. இதையே பத்துப் பேர் முன்னால் கத்திச் சொல்லி, டிரையரையும் நிறுத்திவிட்டுப் போனால் கதை மாறும். வேகவைத்த நெல் காயாமல் கிடந்தால் நிறம் மாறும், நாற்றம் அடிக்கும், அரிசி விலை போகாது. பாய்லரை மறுத்தது சரி. டிரையரைக் கைவிட்டதற்கும் வாய்த்தகராறுக்கும் தனியாக மெமோ வரும், அது நிற்கும்.

மூன்றில் சிக்கலானது சனிக்கிழமை உத்தரவு. ஆபத்தும் இல்லை, சட்டவிரோதமும் இல்லை. ஆனால் இது ஒரு நாள் உதவி இல்லை, வேலையே மாறுகிறது. வேலைப்பளுவைக் கூட்டும் சில மாற்றங்களுக்கு முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது. புதிய சட்டத்தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. இதில் தொழிலாளிக்குப் பிடிமானமாக இருப்பது 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த நார்த்புரூக் சணல் ஆலை வழக்கு. வேலைச் சீரமைப்புத் திட்டம் குறித்த தகராறு தீர்ப்பாயத்தில் இருக்கும்போதே நிர்வாகம் அதை அமல்படுத்தியது. கூடுதல் வேலையைச் செய்ய மாட்டோம் என்றார்கள் தொழிலாளர்கள், நிர்வாகம் கதவடைத்தது. அந்த மறுப்பு சட்டவிரோத வேலைநிறுத்தம் இல்லை, கதவடைத்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று தீர்ப்பானது.

இதை வைத்துத் தனியாளாகத் துணிந்துவிடக் கூடாது. அங்கே சங்கம் இருந்தது, தகராறு முன்பே நிலுவையில் இருந்தது. நம் ஆபரேட்டர் செய்யத்தக்கது, ‘எதிர்ப்பைப் பதிவு செய்து இந்த வேலையைச் செய்கிறேன், கூடுதல் சம்பளம் பற்றி எழுத்தில் தெரிவியுங்கள்’ என்று கடிதம் கொடுத்துவிட்டுத் தொட்டியையும் பார்த்துக்கொண்டே தொழிலாளர் துறைக்குப் போவதுதான். மாதக்கணக்கில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் செய்துவிட்டு, திடீரென ஒரு நாள் மறுத்தால் வழக்கமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

சரி, மூட்டையை எண்ண மாட்டேன் என்றவரை வேலையை விட்டு நீக்கலாமா? ஒரே ஒரு தடவை என்றால் எச்சரிக்கை, மிஞ்சினால் சில நாள் சஸ்பென்ஷன். தண்டனை குற்றத்துக்கு மிகையாக இருந்தால் குறைக்கும் அதிகாரம் 1971-லிருந்து தீர்ப்பாயங்களுக்கு உண்டு. 1982-இல் ரமாகாந்த் மிஸ்ரா வழக்கில், மேலதிகாரியிடம் தகாத வார்த்தை பேசியவரை, 14 ஆண்டு அப்பழுக்கற்ற பணியைக் கணக்கில் எடுத்து, வேலையில் திரும்பச் சேர்க்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், இரண்டு ஊதிய உயர்வுகளை நிறுத்துவதே போதும் என்றது. எழுத்தில் எச்சரித்த பிறகும் திரும்பத் திரும்ப மறுத்து, அதனால் சரக்கு கெட்டு, மற்றவர்களையும் மறுக்கத் தூண்டியிருந்தால் நீக்கம் நியாயமாகலாம். அப்போதும் குற்றச்சாட்டு மெமோ, விளக்கம் சொல்ல அவகாசம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு, விசாரணை அறிக்கையின் நகல் எல்லாம் கொடுத்திருக்க வேண்டும். பந்தலடி ஜவுளிக்கடையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த விற்பனையாளரையும், தமிழ்நாடு கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, விசாரணை இல்லாமல் ஒழுங்கீனத்தைக் காட்டி நோட்டீஸின்றி நீக்க முடியாது. நீக்கினால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

நடைமுறையில் இவ்வளவு தூரம் போவது குறைவு. “நாளையில இருந்து வர வேண்டாம்” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாலு மாதம் கழித்துக் கேட்டால், “நாங்க நீக்கவே இல்லையே, அவரா வரலை” என்பார்கள். அதனால் சொல்லப்பட்ட அன்றைக்கே, அல்லது மறுநாள், ஒரு கடிதம் போக வேண்டும். ‘இன்ன தேதியில், இன்ன உத்தரவை இன்ன காரணத்தால் செய்ய இயலவில்லை என்றேன். வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். என் வேலையைச் செய்ய இன்றும் தயாராக இருக்கிறேன்.’ தபால் நிலையத்தில் பதிவு வசதியோடும் டெலிவரி சான்றோடும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை நியமனக் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளி தபாலை வாங்க மறுத்துத் திரும்பி வந்தால், அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.