கடலோர வீட்டுக்கு எந்த ஜன்னல்? அலுமினியமா, பிளாஸ்டிக்கா, மரமா?



வீடு கட்டுவோரும், பழுது பார்க்க நம் டிரஸ்டிடம் உதவி கேட்போரும் ஜன்னலுக்கு எது நல்லது என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணமானாலும், ஸதகாவாக வந்த பணமானாலும் அது அமானிதம். ஐந்தாறு வருடத்தில் மறுபடி மாற்றும்படி ஆகிவிடக் கூடாது.

மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பகுதியின் உப்புக்காற்று உலோகத்தை மிக வேகமாக அரிக்கும். காரைக்குடி சிக்ரி நிறுவனம் தன் துரு ஆய்வு மையத்தை மண்டபம் முகாமில் அமைத்திருப்பதும் இதனால்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப்பட்ட பெயிண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மதுரையில் நன்றாக உழைக்கும் ஜன்னல் இங்கே அப்படி உழைக்கும் என்று சொல்ல முடியாது.

அலுமினியம்: இதில் செந்துரு வராது. ஆனால் மேல்பூச்சு கீறிய இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு சிறு குழிகள் விழும். இரும்பு ஸ்க்ரூவை அலுமினியத்தில் முடுக்கினால் உப்பு ஈரத்தில் ஸ்க்ரூவை ஒட்டிய அலுமினியம் அரிக்கும். ஸ்க்ரூவைச் சுற்றிப் பூச்சு கொப்புளித்தால் அதுதான் முதல் அடையாளம். ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் பட்டாலும் அலுமினியம் கறுத்து அரிக்கும். எனவே பூச்சு வேலை முடியும்வரை சட்டத்தின் மேலுள்ள டேப்பை உரிக்க விடாதீர்கள்.

பிளாஸ்டிக் (யுபிவிசி): குளியலறைக்குப் போடும் மெல்லிய பிவிசி கதவு வேறு, இது வேறு. சட்டத்தை உப்பு ஒன்றும் செய்யாது. மூலைகளை உருக்கி ஒட்டுவதால் அங்கே மழை இறங்காது. ஆனால் சட்டத்துக்குள் பலத்துக்காக இரும்புப் பட்டை வைத்திருப்பார்கள். அதில் துத்தநாகப் பூச்சு இல்லாவிட்டால் உள்ளேயே துருப்பிடிக்கும். கிரில்லை இந்தச் சட்டத்தில் துளையிட்டு மாட்டினால் துளை வழியே உப்புநீர் இறங்கும். அலுமினியமானாலும் யுபிவிசியானாலும் கிரில்லைச் சுவரில்தான் பதிக்க வேண்டும்.

மரம்: உப்பு மரத்தை அரிக்காது, ஈரமும் கரையானும்தான் அதற்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ஊதி இறுகும். கீழ்ச்சட்டத்தின் மூலை முதலில் உளுக்கும். நிலையைச் சுவரில் வைக்குமுன் சுவரோடு ஒட்டும் பக்கத்துக்கும் பிரைமர் அடித்துவிட வேண்டும், பிறகு அங்கே கை போகாது. இரும்புக் கீலுக்குப் பதில் பித்தளைக் கீல் போடுங்கள். பழைய தேக்கு நிலை உறுதியாக இருந்தால் அதைக் கழற்றாதீர்கள், கீலையும் கதவையும் சரிசெய்தாலே போதும்.

செலவுக் கணக்கு: 4க்கு 4 அடி ஜன்னல் என்றால் 16 சதுர அடி. விலை இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக மட்டும் அலுமினியம் சதுர அடி 450 ரூபாய், யுபிவிசி 750 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முறையே 7,200, 12,000 ஆகும். மர ஜன்னலுக்கு நிலையும் கதவும் சேர்த்து ஏறத்தாழ இரண்டேகால் கன அடி மரம் வேண்டும். கடையில் கேட்கும் கன அடி விலையால் இதைப் பெருக்கி, ஆசாரி கூலி, கண்ணாடி, பெயிண்ட் ஆகியவற்றைச் சேருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கும் செலவும் மரத்தின் கணக்கில் வரும்.

காற்றும் மழையும்: நகர்த்தும் ஜன்னலில் இடைவெளியை அடைப்பது தூரிகை போன்ற பட்டைதான். வாடைக்காற்றோடு அடிக்கும் மழையை அது முழுதும் தடுக்காது. கீலில் திறக்கும் ஜன்னலை மூடும்போது கதவு ரப்பரை அழுத்துவதால் நன்றாக அடைக்கும். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தாராளமாக வந்தால் மழையும் வரும்.

எனவே கடலைப் பார்த்த சுவருக்குக் கீலில் திறக்கும் யுபிவிசி ஏற்றது. கைப்பணம் குறைவென்றால் நல்ல பவுடர் கோட்டிங் அலுமினியம் போடலாம். எதைப் போட்டாலும் ஸ்க்ரூவும் கீலும் எஸ்.எஸ். 316 ரகம் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். ஜன்னலின் மொத்த விலையில் இது சிறு தொகைதான். காந்தம் பலமாக ஒட்டினால் அது 316 ரகம் அல்ல. ஒட்டாவிட்டாலும் 316 என்று உறுதியாகாது, மலிவான ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. அதனால் பில்லிலும் ரகம் எழுதியிருக்க வேண்டும்.

பராமரிப்பில் ஒன்றைக் கவனியுங்கள். மழையில் நனையும் ஜன்னலைவிட சன்ஷேடுக்குக் கீழே நனையாமல் இருக்கும் ஜன்னலில்தான் உப்பு அதிகம் படியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உவர்நீரில் துடைத்தால் உப்பைப் பூசியதாகத்தான் ஆகும். சட்டத்தின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை மழைக்காலத்துக்கு முன் குச்சியால் குத்தி விடுங்கள்.

டிரஸ்டின் வீட்டு உதவிக்கு விண்ணப்பிப்போர் இந்த விவரங்கள் எழுதிய கொட்டேஷனை இணைத்துத் தந்தால், இன்ஷா அல்லாஹ், பரிசீலிக்க எளிதாக இருக்கும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்