விதையில்லா ரஸ்தாளி, விதையுள்ள கோதுமை

எங்கள் ரஸ்தாளியில் விதை இல்லாததற்கு மூன்று செட் குரோமோசோம்தான் காரணம் என்கிறார்கள். ஆறு செட் உள்ள கோதுமையில் மட்டும் மணி எப்படிப் பிடிக்கிறது? – வாசகி, தொட்டியம்

சொன்னது சரிதான். ஆனால் தடை எண்ணிக்கையில் இல்லை, ஜோடி சேர்வதில் இருக்கிறது. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிரிய வேண்டும். காட்டு வாழையில் 22 இருப்பதால் 11 ஜோடி அமைகிறது. பழம் முழுக்க கல் போன்ற விதை. ரஸ்தாளியில் 33. ஒவ்வொரு வகையிலும் மூன்று இருப்பதால் ஒன்று துணையின்றி நிற்கும், பங்கீடு தாறுமாறாகும், விதை உருவாகாது. பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாக வளராமல் நின்றுபோன சூல்கள்தான். கருவுறாமலேயே சதை திரளும் குணம் வாழைக்கு இருப்பதால் நமக்குப் பழம் கிடைக்கிறது.

கோதுமையின் கதை வேறு. மூன்று புல்லினங்கள் இயற்கையாகக் கலந்து பிறந்த பயிர் அது. கலப்பில் வந்த செடி மலடாகத்தான் இருக்கும். ஆனால் குரோமோசோம்கள் இரட்டிப்பானதும் ஒவ்வொன்றுக்கும் துணை கிடைத்துவிடுகிறது. ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்கள் 21 ஜோடிகளாகச் சுத்தமாகப் பிரிகின்றன. ஒரு புல்லின் குரோமோசோம் இன்னொன்றுடையதோடு சேராமல் தடுக்க தனி மரபணுவே இருக்கிறது.

செட் கூடினால் செல் பெரிதாகும். இலை தடிக்கும், பழமும் மணியும் பருக்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் வளர்ச்சி மந்தமாகிவிடும்.

விதையில்லாததால் பக்கக்கன்றுதான் உங்களுக்கு வழி. ரஸ்தாளிக்கு வாடல் நோய் எளிதில் வரும், கன்றோடு அதுவும் வந்துவிடும். நோய் கண்ட தோட்டத்திலிருந்து கன்று எடுக்காதீர்கள்.