மூன்று பேரைக் கொண்டு ஒரு சந்தைக் கூட்டம்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பற்றி எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஓர் அசைவூட்டப் படம் செய்யத் தொடங்கினார்கள். காடு, படகு, நண்டு எல்லாம் எளிதாக வந்துவிட்டன. மாலை நேர மீன் சந்தையில் சுமார் நாற்பது பேர் நடமாடும் பத்து நொடிக் காட்சியில்தான் வேலை நின்றது. நொடிக்குப் பத்துப் படம் என்றால் ஒருவருக்கு நூறு படம், நாற்பது பேருக்கு 4000 படம். வரையும் கைகளோ ஆறு.

இதற்கு அசைவூட்டக் கலைஞர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி நடைச் சுழற்சி. வலக்கால் ஒன்று, இடக்கால் ஒன்று என இரண்டு எட்டு வைப்பதை எட்டுப் படங்களில் வரைந்து, எட்டாவது முடிந்ததும் முதலாவதற்குத் திரும்பினால் அந்த ஆள் நடந்துகொண்டே இருப்பார். கூடை சுமக்கும் பெண், கைலி கட்டிய பெரியவர், பள்ளிச் சிறுவன் என மூன்று நடைகளுக்கு 24 படங்கள். நின்றபடி மீன் எடை போடுபவர், விசிறுபவர் ஆகியோருக்குத் தலா இரண்டு. மொத்தம் 28 படங்களில் கூட்டம் கிடைத்தது.

முதல் ஓட்டத்தில் அது சந்தையாக இல்லை, குடியரசு தின அணிவகுப்பாக இருந்தது. எல்லாருடைய வலக்காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டதுதான் காரணம். ஒவ்வொரு நகலையும் சுழற்சியின் வெவ்வேறு படத்தில் தொடங்கினால் இது தீரும். மூன்று உருவங்கள், எட்டு நிலைகள் என ஒரே நொடியில் 24 வேறு தோற்றங்கள் திரையில் இருக்கும்.

இரண்டாவது பிழையைக் கண்டறியக் கொஞ்சம் நேரமானது. ஆட்கள் பனிக்கட்டியில் சறுக்குவதுபோல் தெரிந்தார்கள். திரையில் ஒரு பாதத்தின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். தரையில் ஊன்றியிருக்கும் வரை அந்தப் பாதம் விரலை விட்டு நகரக் கூடாது. எங்கள் படத்தில் நகர்ந்தது. இதற்கு ஓர் அளவீடு போதும். கால்கள் அகன்றிருக்கும் படத்தில் குதிகாலுக்கும் குதிகாலுக்கும் இடைவெளி 48 புள்ளிகள். ஒரு சுழற்சியில் இரண்டு எட்டு, ஆகவே 96. அதை எட்டால் வகுத்தால், படத்துக்கு 12 புள்ளி நகர வேண்டும். தூரத்தில் நடப்பவரைப் பாதி அளவாகக் குறைத்திருந்தால் நகர்வும் பாதியாகி 6 ஆகும். எல்லாரையும் 12 புள்ளியே நகர்த்தியதால்தான் பின்வரிசை சறுக்கியது. விகிதம் நடத்தும் கணித ஆசிரியருக்கு இது நல்ல கணக்கு.

ஸ்க்ராட்ச் மென்பொருளில், எட்டுப் படங்களையும் ஒரே உருவத்தின் எட்டு உடைகளாக வைத்து, ஒவ்வொரு நகலுக்கும் இதைக் கொடுத்தோம்:

```
when I start as a clone
switch costume to (pick random (1) to (8))
forever
  next costume
  change x by ((12) * ((size) / (100)))
  if <(x position) > (230)> then
    set x to (-230)
  wait (0.1) seconds
```

`glide` கட்டளையைத் தவிர்க்கவும். அதில் உடல் தொடர்ந்து நகரும், படமோ விட்டுவிட்டு மாறும், மறுபடியும் சறுக்கல். மேலே உள்ள முறையில் படம் மாறும்போது மட்டுமே ஆள் நகர்வதால், கணினி மெதுவாக ஓடினாலும் பாதம் ஊன்றியே இருக்கும். வலது ஓரத்தில் மறைபவர் இடது ஓரத்தில் திடீரெனத் தோன்றுவது தெரியாமலிருக்க, இரு ஓரங்களிலும் கடைத் தட்டிகளை முன்னால் வரைந்து வைத்தோம்.

எதிர்த்திசையில் நடப்பவர்களுக்குப் படத்தை இடவலமாகத் திருப்பலாம் என்று தோன்றும். சிறுவனுக்கு அது சரி. பெண்ணைத் திருப்பினால் இடத்தோளில் இருக்க வேண்டிய முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். சட்டைப் பையும் அப்படியே. துணிக்கடைப் பையில் எழுத்து இருந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகும். எனவே பெண்ணுக்குக் கால்களை அப்படியே வைத்து, மேலுடலை மட்டும் மறுபடி வரைந்தார்கள். பையில் எழுத்தை அழித்துவிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது, ஒரு மாணவி ஆசையாக வரைந்த சிவப்புக் குடையும் நினைவுக்கு வருகிறது. அழகான குடைதான். ஆனால் மூன்றாம் முறை அது கடந்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கண்ணை இழுக்கும் எதையும் சுழலும் உருவத்துக்குக் கொடுக்கக் கூடாது. குடையை ஒரே ஒருமுறை நடந்து போகும் தனி ஆளுக்கு மாற்றினோம். மற்றவர்களின் சட்டை, சேலை நிறங்களை மட்டும், மங்கலாகவே, மாற்றி மாற்றி வைத்தோம்.

பெரிய நிறுவனங்களும் இப்படிச் செய்தவைதாம். 1961இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் நூற்றியொரு டால்மேஷியன் நாய்கள் படத்தில், வரைந்த கோடுகளை ஜெராக்ஸ் முறையில் நேரே செல்லுலாய்டு தாளுக்கு நகலெடுத்ததால்தான் அத்தனை புள்ளி நாய்க்குட்டிகளைத் திரையில் ஓடவிட முடிந்தது.

சுழற்சிக்கு எட்டாத இடமும் உண்டு. எங்கள் கதையில் படகு கரை சேர்ந்ததும் சந்தையே திரும்பிப் பார்க்க வேண்டும். நடந்துகொண்டே இருப்பவர்களால் அது முடியாது. முன்வரிசையில் மூவருக்கு மட்டும் திரும்பும் படம் ஒவ்வொன்று புதிதாக வரைந்து, அரை நொடி இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பவிட்டோம். பின்வரிசை நடந்துகொண்டேதான் இருந்தது. உடனே காட்சி படகுக்கு மாறிவிட்டதால் அதை யாரும் கவனிக்கவில்லை.