‘குடுங்க’வுக்கு இங்கிலீஷ்ல என்ன?

செட்டிகுளம் பக்கம் பட்டறையில் இருக்கும் சின்ன வெங்காயத்துக்குப் பெங்களூர் இயற்கை அங்காடியிலிருந்து போன் வருகிறது. பேசுபவருக்குத் தமிழ் தெரியாது. நாம் அட்வான்ஸ் கேட்க, ‘கிவ் மீ அட்வான்ஸ்’ என்போம். அங்கே அது ‘அட்வான்ஸ் குடு’ என்று விழுகிறது. நம்ம ‘ங்க’ இங்கிலீஷில் கிடையாது. ‘சார்’ சேர்த்தாலும் அந்த இடம் முழுசா நிரம்பாது. ‘குட் யூ’ என்று ஆரம்பித்தால்தான் ‘ங்க’ வரும்: ‘குட் யூ பே ஹாஃப் பிஃபோர் லோடிங்?’

உதாரணத்துக்கு 500 கிலோ சரக்கு. நீங்க கேட்டது கிலோ 60. அவர், ‘ஃபிஃப்டி, டெலிவர்டு’ என்கிறார். டெலிவர்டு என்றால் வண்டி வாடகை நம்ம தலையில். வாடகை 2,000 ரூபாய் என்றால் கிலோவுக்கு 4. சாக்குக்கும் ஏத்துகூலிக்கும் 1. போய்ச் சேருவதற்குள் வெங்காயம் காய்ந்து நூற்றுக்கு 3 கிலோ எடை குறைந்து, அவர் அங்கே எடை போட்டால் இன்னொரு ஒன்றரை ரூபாய் போச்சு. கையில் நிற்பது 43.50.

அதனால் விலைக்கு முன்னாடி எடையைக் கேளுங்க: ‘வில் யூ கோ பை மை வெயிட் ஆர் யுவர் வெயிட்?’ பிறகு விலை. ‘நோ, நாட் பாசிபிள்’ என்றால் பேச்சு அங்கேயே முறியும். ‘ஐயாம் அஃப்ரெய்ட் ஃபிஃப்டி இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ’ என்று சொல்லலாம். நேர் அர்த்தம் ‘பயமா இருக்கு’தான், ஆனா இங்கே அது ‘மன்னிக்கணும்’. நாம் யாருக்கும் பயப்படலை.

விலையைச் சும்மா இறக்காதீங்க. ‘இஃப்’ போட்டு, ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்றை விடுங்க: ‘இஃப் வி கோ பை மை வெயிட், ஐ கேன் டூ ஃபிஃப்டி ஃபோர், டெலிவர்டு.’ 54-இல் செலவு 5 போனால் 49 நிற்கும். அவருக்கும் நீங்க 6 ரூபாய் இறங்கி வந்தது தெரியும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கணும். அந்தப் பக்கம் அமைதியானா பதறி, ‘ஓகே, ஃபிஃப்டி டூ’ என்று நாமே குறைத்துவிடுவோம். அங்கேதான் பலர் தோற்கிறோம்.

இன்னொரு வம்பு, நம்ம ‘ஓகே ஓகே’. நமக்கு அது ‘ம்... ம்...’ மாதிரி, கேட்டுக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான். அவர் காதில் அது சம்மதம். ‘பேமெண்ட் ஆஃப்டர் தர்ட்டி டேஸ்’ என்று அவர் சொல்லும்போது ஓகே போட்டால் 30 நாள் கடன் முடிவாகிவிட்டது. அதுக்குப் பதில் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட், பட் குட் யூ மேக் இட் செவன் டேஸ்?’ என்று கேளுங்க.

படியலைன்னா, ‘ஐயாம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் திஸ் டைம். மே ஐ கால் யூ நெக்ஸ்ட் ஹார்வெஸ்ட்?’ படிந்தால், போனை வைக்கும் முன் ‘ஜஸ்ட் டு கன்ஃபர்ம்’ என்று கிலோ, விலை, யார் எடை, வாடகை யாருது, பணம் எந்தத் தேதி என ஐந்தையும் திருப்பிச் சொல்லுங்க. அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் ‘எஸ்’ போட்ட பிறகு பட்டறையைப் பிரிக்கலாம்.