திரைக்குப் பின்னால் யாருக்கு இடம்?

கேள்வி: மலையகத்தவரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதை அறவியல் நோக்கில் ஆராயும் ஆய்வேட்டில், ஜோன் றோல்ஸின் ‘அறியாமைத் திரை’யைச் சிந்தனைச் சோதனையாக வைத்திருக்கிறேன். எதிர்வாதம் பலவீனமாக இருக்கிறது என்கிறார் மேற்பார்வையாளர். என்ன செய்யலாம்? – முதுகலை மாணவி, ஹட்டன்

பதில்: மாணவியின் சோதனை நல்லதுதான். 1948இல் திரைக்குப் பின்னால் அமர்ந்து சட்டம் இயற்றுபவருக்குத் தாம் கொழும்பு வீட்டில் பிறப்பாரா, நுவரெலியாத் தோட்டமொன்றின் லயத்தில் பிறப்பாரா என்பது தெரியாது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவரும் தம் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத குடும்பத்தில் பிறக்கக்கூடும் என்று அஞ்சுபவர் இந்த விதிக்குக் கைதூக்க மாட்டார். இதுவரை சரி.

எதிர்வாதமாக ‘மனிதரால் தம்மை மறந்து சிந்திக்க முடியாது’ என்று எழுதினால் போதாது. திரை யாரையும் எதையும் மறக்கச் சொல்வதில்லை. சில தகவல்களைக் காரணமாகக் காட்டாதே என்கிறது, அவ்வளவுதான். தட்டினால் விழும் எதிர்வாதத்தைத் தேர்வாளர் உடனே கண்டுகொள்வார்.

வலுவான எதிர்வாதம் றோல்ஸின் 1971ஆம் ஆண்டு நூலிலேயே ஒளிந்திருக்கிறது. பிற சமூகங்களிலிருந்து தனித்து நிற்கும் மூடிய சமூகத்தை அவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார். மலையகத்தில் வழக்கே ‘யார் உறுப்பினர்’ என்பதுதான். திரைக்குப் பின்னால் பிரஜைகள் மட்டும் அமர்ந்தால், விடை கேள்விக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. உலகத்தார் எல்லோரும் அமர்ந்தால், 1987இல் ஜோசப் கரென்ஸ் வாதிட்டதுபோல எல்லைகளே பெரும்பாலும் திறக்க வேண்டிவரும். மாணவி அவ்வளவு தூரம் போக விரும்பவில்லை என்றால் இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது.

பதிலுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. பிரஜை என்ற பெயரைக் கேட்காமல், ஏற்கெனவே அந்தச் சட்டங்களுக்குக் கீழ் வாழ்ந்து, அந்தப் பொருளாதாரத்தில் உழைத்தவர்கள் எல்லோருக்கும் திரைக்குப் பின்னால் இடம் கொடுக்கலாம். தோட்டத் தொழிலாளர் வெறும் விருந்தாளிகளாக இருக்கவில்லை: 1947 பொதுத்தேர்தலில் பலர் வாக்களித்தார்கள், சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்றார்.

ஆனால் இந்தப் பதிலுக்கு விலை உண்டு, அதை ஆய்வேடு மறைக்கக் கூடாது. இடம் கொடுக்கும் அளவுகோலை நியாயப்படுத்தும் வேலையைத் திரை செய்யவில்லை. வேறொரு வாதம்தான் செய்கிறது. அந்த வாதத்துக்கு அத்தியாயத்தில் தனிப் பகுதி தேவை. நேற்றுக் கப்பலில் இறங்கியவரைப் பற்றியும் இந்தப் பதில் எதுவும் சொல்லாது. ஆகவே முடிவைச் சுருக்கி எழுத வேண்டும்: பரம்பரைச் சான்று கேட்ட விதி நியாயமற்றது என்ற அளவில் நிற்க வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டுவைத்தது. அந்தப் பங்கீட்டை இதே சோதனையால் அளக்க முயன்றால் தடுமாற்றம்தான். அங்கே சம்மதம் கேட்கப்பட்டதா என்பது வேறு அத்தியாயத்துக்கான கேள்வி.