ஊர்க் குழுவில் வருமானம் வருமா?

எங்கள் கோவில்பட்டிக்காக வேலை, வாடகை வீடு, விழாத் தகவல் போடும் வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். 900 பேர் சேர்ந்துவிட்டார்கள். உறுப்பினர்களிடம் மாதம் 20 ரூபாய் கேட்கலாமா?

கேட்காதீர்கள். படிப்பவர் எண்ணிக்கைதான் உங்கள் சரக்கு. கட்டணம் வைத்தால் அதுவே கரைந்துவிடும். சென்னையில் மாம்பலம் டைம்ஸ், அடையார் டைம்ஸ் போன்ற பேட்டை இதழ்கள் வீடுகளுக்கு இலவசமாகவே போகின்றன. காசு தருபவர்கள் விளம்பரதாரர்கள்.

வீட்டுக்காரரிடமிருந்து தொடங்குங்கள். 8,000 ரூபாய் வாடகை வீட்டுக்குத் தரகர் ஒரு மாத வாடகையைக் கேட்பார். நீங்கள் 100 ரூபாய் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தெரு, முன்பணம், தண்ணீர் வசதி, எந்த மாடி என்ற நான்கும் இல்லாத பதிவை ஏற்காதீர்கள். வீடு போனதும் அன்றே 'முடிந்தது' என்று போடுங்கள். போன வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்தவர் மூன்றாம் முறை உங்கள் பதிவைத் திறக்க மாட்டார்.

வேலைக்கு 150 ரூபாய், ஆள் தேடும் கடையிடம் மட்டும். வேலை தேடுபவரிடம் ஒரு பைசாகூட வேண்டாம். 'பதிவுக் கட்டணம்' கேட்கும் நிறுவனம் மோசடி என்றே வைத்துக்கொண்டு தள்ளுங்கள்; மற்ற வேலைகளைக் கடைக்கே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். கோயில் விழா, ரத்ததான முகாம் இலவசமாகவே இருக்கட்டும். காலையில் குழுவைத் திறக்க வைப்பவை அவைதான்.

வாரம் 10 வீடு, 6 வேலை, ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் 500 ரூபாய் என்றால் 2,400 ரூபாய்.

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்தான் சேர முடியும். இப்போதே சேனல் ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். அங்கே காலை வணக்கப் படங்களின் தொல்லையும் இல்லை.